படத்தில் வந்த தலைப்பைத் தமிழாக்குவது

1975 அக்டோபர் 30ஆம் தேதி வெளிவந்த நியூயார்க் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழின் முதல் பக்கத்தை நீங்கள் படமாகப் பார்த்திருக்கக்கூடும். பத்திரிகை வரலாற்றைப் பேசும் புத்தகங்களில் அடிக்கடி வரும் பக்கம் அது. கொட்டை எழுத்தில் ஐந்தே சொற்கள்: ‘ஃபோர்ட் டு சிட்டி: டிராப் டெட்’. சொல்லுக்குச் சொல் வைத்தால் “நகரத்துக்கு ஃபோர்டு: செத்து விழு” என்று வரும். தமிழில் இதைப் படிக்கிறவர், அமெரிக்க அதிபர் ஒரு ஊரையே பார்த்துச் சாபமிட்டார் என்று எடுத்துக்கொள்வார்.

அதிபர் ஜெரால்டு ஃபோர்டு அப்படிப் பேசவில்லை. அதற்கு முந்தைய நாள் வாஷிங்டனில் தேசிய பத்திரிகையாளர் மன்றத்தில் அவர் உரையாற்றினார். நியூயார்க் நகராட்சி கடனில் மூழ்கி, கட்ட வேண்டிய தவணையைக் கட்ட முடியாத நிலைக்கு வந்திருந்த நேரம். நகரைக் காப்பாற்ற மத்திய அரசு பணம் கொடுக்க வழிசெய்யும் எந்த மசோதா வந்தாலும் வீட்டோ அதிகாரத்தால் தடுப்பேன் என்றார். திவால் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்ற மேற்பார்வையில் நகரம் தன் கடனைச் சீரமைத்துக்கொள்ளலாம் என்றும் யோசனை சொன்னார். போலீஸ், தீயணைப்பு போன்ற அத்தியாவசியப் பணிகள் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளப்படும் என்றும் அதே உரையில் சொல்லியிருந்தார். ‘டிராப் டெட்’ என்ற சொற்கள் அந்த உரையில் எங்கும் இல்லை. அவை பத்திரிகை ஆசிரியர் குழு போட்டவை.

அப்படியானால் இந்தத் தலைப்பைத் தமிழில் எப்படிக் கொடுப்பது? இந்த அத்தியாயத்துக்கு அந்த ஒரு பக்கமே போதும். தலைப்பு மொழிபெயர்ப்பில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அதில் இருக்கின்றன. தேவைப்படும் இடத்தில் மட்டும் வேறு சில பக்கங்களை எட்டிப் பார்ப்போம்.

முதல் வேலை: படியெடுப்பது

படம் கைக்கு வந்ததும் மொழிபெயர்க்கத் தொடங்கிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, படத்தில் தெரியும் எழுத்தையெல்லாம் அதே வரிசையில், அதே வரிப் பிரிவோடு எழுதிக்கொள்ளுங்கள். பத்திரிகையின் பெயர், தேதி, தலைப்புக்கு மேலே பொடியாக இருக்கும் மேல்வரி, கீழே இருக்கும் துணைத்தலைப்பு, படவிளக்கம், ‘தொடர்ச்சி இந்தப் பக்கத்தில்’ என்ற குறிப்பு வரை எதையும் விடாதீர்கள். படிக்க முடியாத இடத்தை ஊகித்து நிரப்பாமல் கோடு போட்டு வைத்துவிடுங்கள். மங்கிய படத்தில் 3, 8, 5 மூன்றும் ஒன்றுபோல் தெரியும். சாவு எண்ணிக்கை இருக்கும் தலைப்பில் அந்த ஊகம் எவ்வளவு பெரிய பொய்யாகிவிடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் இப்படிப் படியெடுத்தால், ஐந்து சொற்களின் கீழே இன்னும் மூன்று வரிகள் கிடைக்கின்றன. ‘வவ்ஸ் ஹீல் வீட்டோ எனி பெயில்-அவுட்’ என்பது துணைத்தலைப்பு. அடுத்து ‘ஏப், கேரி ரிப் ஸ்டாண்ட்’, ‘ஸ்டாக்ஸ் ஸ்கிட், டௌ டவுன் 12’ என்று இரண்டு. உண்மையான செய்தி துணைத்தலைப்பில்தான் இருக்கிறது. இணையத்தில் சுற்றும் படங்களில் பெரிய ஐந்து சொற்களை மட்டும் வெட்டி எடுத்திருந்தால், செய்தி வெட்டுப்பட்டு, கோபம் மட்டும்தான் மிஞ்சும்.

பத்திரிகையின் பெயரை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ‘சிட்டி’ என்றால் எந்த நகரம் என்று தலைப்பு சொல்வதில்லை. நியூயார்க் பத்திரிகை, நியூயார்க் வாசகர். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். தேதியும் அப்படித்தான். தேதி இல்லாமல் ‘ஃபோர்டு’ என்ற பெயரை மட்டும் பார்த்தால், மறைமலைநகர் தொழிற்சாலையைப் பார்த்து வளர்ந்த நம்மூர்க்காரருக்குக் கார் கம்பெனிதான் முதலில் நினைவுக்கு வரும். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும்போது எது ஆளின் பெயர், எது சாதாரணச் சொல் என்று ஆங்கிலத்தில் பிரித்தறிய வழி கிடையாது. நம்மூர் ஆங்கில நாளிதழ்களில் ‘எஸ்.சி.’ என்று இரண்டு எழுத்து வந்தால் அது உச்ச நீதிமன்றமா, பட்டியல் சாதியா என்பதைச் சுற்றியுள்ள வரிகளை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

படத்தின் ஓரத்தையும் மடிப்பையும் ஒருமுறை பாருங்கள். எனக்கு இதை ஒரு தவறு கற்றுத்தந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஆங்கில நாளிதழ்ப் பக்கத்தைப் படமெடுத்து நண்பர் அனுப்பியிருந்தார். பஸ் கட்டணம் உயரப்போகிறது என்ற தலைப்பு. தமிழாக்கிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் அசல் தாளை விரித்துப் பார்த்தபோது, மடிப்புக்குள் ஒரு மேல்வரி ஒளிந்திருந்தது: குழு பரிந்துரை. அரசு எதையும் முடிவுசெய்திருக்கவில்லை. நான் எழுதிய தமிழ்த் தலைப்பில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை; செய்திதான் பிழை. அன்றிலிருந்து, தலைப்புக்கு மேலே ஒரு விரல் அகலமாவது வெற்றிடம் தெரியாத படத்தை நான் முழுத் தலைப்பாக ஏற்பதில்லை. மறுபடி எடுத்து அனுப்பச் சொல்வேன்.

ஒற்றை மேற்கோள்குறி இன்னொரு ஆபத்து. பிரிட்டிஷ், இந்திய ஆங்கிலப் பத்திரிகைகளில் ஒரு சொல்லை ஒற்றை மேற்கோளில் போட்டால், ‘இது எங்கள் கூற்று அல்ல, யாரோ சொல்வது’ என்று பொருள். மங்கலான படத்தில் அந்தச் சின்னக் குறி தாளின் அழுக்குப் புள்ளிபோல் போய்விடும். ‘கொலை’ என்பதைச் சுற்றி அந்தக் குறி இருந்தால் அது புகார். இல்லாவிட்டால் அது உறுதியான தகவல். பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் குறி இருந்தால், தமிழில் அதே குறியைப் போட்டு முடித்துவிடவும் கூடாது. நம் வாசகர் மேற்கோளுக்குள் இருப்பதை ஒருவர் வாயால் சொன்ன அதே சொற்கள் என்றோ, கேலி என்றோதான் எடுத்துக்கொள்கிறார். “எனப் புகார்”, “என்கிறது போலீஸ்” என்று சொல்லாலேயே காட்டுவதுதான் பாதுகாப்பு.

இரண்டாவது: விரித்து எழுதுவது

தலைப்பிலிருந்து தலைப்புக்கு நேராகத் தாவுவதில்தான் பெரும்பாலான விபத்து நடக்கிறது. நடுவில் ஒரு படி வேண்டும். ஆங்கிலத் தலைப்பு சுருக்கி வைத்ததையெல்லாம் விரித்து, யாருக்கோ போனில் சொல்வதுபோல் ஒரு முழு வாக்கியமாகத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். இதை யாரும் அச்சிடப்போவதில்லை. எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை.

விரிப்பதற்கு ஆங்கிலத் தலைப்பின் சில பழக்கங்கள் தெரிந்திருந்தால் போதும். நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் சொல்லும். நடக்கப்போவதை ‘டு’ என்ற சொல்லால் காட்டும். ‘இஸ்’, ‘வாஸ்’, ‘ஆர்’ போன்ற துணைவினைகளை விழுங்கிவிடும். அதனால் ‘ஹெல்ட்’ என்று தனியாக நின்றால் அது ‘கைது செய்யப்பட்டார்’. ‘அண்டு’ வர வேண்டிய இடத்தில் கால்புள்ளி நிற்கும். முக்காற்புள்ளி ‘சொன்னார்’ என்ற வினையின் வேலையைச் செய்யும். இந்தக் கடைசி இரண்டும் நம் பக்கத்தில் இருக்கின்றன. ‘ஏப், கேரி’ என்பது இரண்டு ஆட்கள். ‘ஃபோர்ட் டு சிட்டி:’ என்பது ‘நகருக்கு ஃபோர்டு சொன்னது’. இங்கே வரும் ‘டு’ எதிர்காலத்தின் ‘டு’ அல்ல. ‘-க்கு’ என்ற வேற்றுமையின் ‘டு’. பின்னால் வினை வருகிறதா, பெயர் வருகிறதா என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

வினை எது என்று கண்டுபிடிப்பதுதான் விரிப்பதில் பாதி வேலை. 2009இல் ஜப்பானிய ஆங்கிலச் செய்தித் தளம் ஒன்றில் வந்த தலைப்பு இதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது: ‘வயலினிஸ்ட் லிங்க்ட் டு ஜால் கிராஷ் பிளாசம்ஸ்’. பார்த்தவுடன் ‘லிங்க்ட்’ வினைபோலவும், ‘கிராஷ் பிளாசம்ஸ்’ ஏதோ ஒரு வகைப் பூபோலவும் தெரியும். உண்மையில் ‘பிளாசம்ஸ்’தான் வினை. அந்த வயலின் கலைஞர் 1985இல் நடந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமான விபத்தில் தந்தையைப் பறிகொடுத்தவர்; இப்போது கலையில் மலர்ந்து வருகிறார் என்பதே செய்தி. இப்படிக் குழப்பும் தலைப்புகளுக்கு ஆங்கிலப் பத்திரிகை உலகில் ‘கிராஷ் பிளாசம்ஸ்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. தமிழுக்கு வரும்போது இதில் இன்னொரு பள்ளமும் உண்டு. ‘லிங்க்ட் டு’ என்பதை “விபத்தில் தொடர்புடைய” என்று எழுதினால், நம் காதில் அது குற்றம்சாட்டப்பட்டவர் என்று கேட்கும். “விபத்தில் தந்தையை இழந்த” என்று உறவையே சொல்லிவிட வேண்டியதுதான்.

இனி நம் பக்கத்தை விரிப்போம். துணைத்தலைப்பையும் சேர்த்தால் இப்படி வரும்:

“நியூயார்க் நகரம் கடனைக் கட்ட முடியாமல் போவதைத் தடுக்க மத்திய அரசு பணம் கொடுக்கும்படி எந்த மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றி அனுப்பினாலும், வீட்டோ அதிகாரத்தால் அதைத் தடுத்துவிடுவேன் என்று அதிபர் ஃபோர்டு நேற்று வாஷிங்டனில் அறிவித்தார். இதன் பொருள் ‘நீ எப்படியோ போ’ என்பதுதான் என்கிறது டெய்லி நியூஸ்.”

இரண்டு வாக்கியம் ஆகிவிட்டதைக் கவனியுங்கள். முதல் வாக்கியத்தைப் பேசுகிறவர் ஃபோர்டு. இரண்டாவதைப் பேசுவது பத்திரிகை. ஆங்கிலத் தலைப்பு இந்த இரண்டு குரலையும் ஒரு முக்காற்புள்ளியில் ஒட்டிவிட்டது. மேற்கோள்குறி போடவில்லை என்பதால், 1975இல் அதைக் கடையில் வாங்கிய நியூயார்க்வாசிக்கு அது பத்திரிகையின் எரிச்சல் என்று தெரிந்திருக்கும். அந்தப் பத்திரிகையின் பேச்சு அப்படித்தான் என்று அவர் தினமும் பார்க்கிறவர். அரை நூற்றாண்டு கழித்து, வேறு மொழியில், படமாகப் பார்க்கிறவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. விரித்து எழுதாமல் மொழிபெயர்த்தால் ஒட்டு தெரியாது. இரண்டு குரலும் ஃபோர்டின் வாயில் போய்ச் சேர்ந்துவிடும்.

மூன்றாவது: மரபுத்தொடர்

‘டிராப் டெட்’ என்பது அமெரிக்கப் பேச்சுவழக்கில் எரிச்சலோடு மறுக்கும் வசவு. சொல்கிறவர் மரணத்தை நினைத்துச் சொல்வதில்லை. தமிழில் “செத்துத் தொலை” என்று ஒன்று இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் எடை வேறு. நம்மில் ஒருவர் மற்றவரை அப்படிச் சொன்னால் உறவு அத்தோடு முறிந்துவிடும். இன்னும் பக்கத்தில் வருவது “எக்கேடோ கெட்டுப் போ”. உதவி கேட்டு வந்தவரை விரட்டும் தொனி அதில் இருக்கிறது, சாவு இல்லை.

“கைவிரித்தார்” என்பதும் பலருக்கு உடனே வரும். தமிழ் நாளிதழ் மேசையில் தினம் புழங்குகிற சொல், தலைப்புக்குச் சுருக்கமாகவும் இருக்கும். ஆனால் நிறுத்தி யோசியுங்கள். கைவிரிப்பது என்றால் ‘என்னால் ஆகாது, என்னிடம் இல்லை’ என்று சொல்வது. ஃபோர்டு முடியாது என்று சொல்லவில்லை. மாட்டேன் என்று சொன்னார். அந்த ‘மாட்டேன்’தான் அன்றைய செய்தி. அழகாகப் பொருந்துகிற மரபுத்தொடர் செய்தியைக் கொஞ்சம் இடம்மாற்றிவிடுகிறது என்றால், அழகை விட்டுவிட வேண்டியதுதான். “திட்டவட்ட மறுப்பு” என்பதில் நயம் குறைவு. உண்மை முழுசாக இருக்கிறது.

துணைத்தலைப்பில் உள்ள ‘பெயில்-அவுட்’ ஒரு வலை. ‘பெயில்’ என்றதும் ஜாமீன் என்று கை தானாக எழுதும். இங்கே நீதிமன்றமும் இல்லை, கைதும் இல்லை. நெருக்கடியில் சிக்கிய ஒருவரைப் பணம் போட்டுத் தூக்கிவிடுவதுதான் ‘பெயில்-அவுட்’. “மீட்பு நிதி” என்றோ, இடம் இருந்தால் “கடனிலிருந்து மீட்க நிதியுதவி” என்றோ எழுதலாம். ‘வவ்ஸ்’ என்பதற்கு அகராதி ‘சபதம்’ என்று தரும். தலைப்பு ஆங்கிலத்தில் அது ‘உறுதிபடச் சொன்னார்’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. குட்டையான சொல் என்பதால் போடுகிறார்கள். தமிழில் ‘சபதம்’ என்று எழுதினால் பாஞ்சாலி சபதம் அளவுக்கு ஏறிவிடும்.

குட்டைச் சொல் என்ற காரணம் முக்கியமானது. ஆங்கிலத் தலைப்பில் ‘ரிப்’, ‘ஸ்லாம்’, ‘ராப்’, ‘ஆக்ஸ்’, ‘புரோப்’ என்று கத்தியும் கோடாரியுமாக வருவது பெரும்பாலும் கோபத்தால் அல்ல, பத்தியின் அகலத்தால். ‘கிரிட்டிசைஸ்’ என்ற நீளச் சொல் அந்த இடத்தில் நுழையாது. எனவே ‘ரிப்’ என்பதைப் பார்த்ததும் தமிழில் “கிழித்தனர்” என்று எழுதுவது வேகத்தைக் கூட்டுவதாகிவிடும். கிழிகிழி என்று கிழித்தார் என்ற வழக்கு நம்மிடமும் இருப்பதால் ஆசை வரும். “கடும் கண்டனம்” என்பதே அதன் சரியான எடை. ‘ஸ்டாண்ட்’ இங்கே நிலைப்பாடு. இந்தச் சின்ன வரியில் இன்னொரு சிக்கல், ஆட்கள். ‘ஏப்’ என்பது நகர மேயர் ஆபிரகாம் பீமின் செல்லப்பெயர். ‘கேரி’ நியூயார்க் மாநிலத்தின் ஆளுநர் ஹியூ கேரி. “ஆளுநர்” என்று மட்டும் எழுதினால் நம் வாசகர் மத்திய அரசு நியமித்தவர் என்று நினைப்பார். அதிபர் நியமித்தவரே அதிபரைக் கண்டிக்கிறாரா என்று குழம்புவார். அமெரிக்காவில் ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர், நம் முதல்வரைப்போல. தலைப்பில் “நியூயார்க் ஆளுநர்” என்று போட்டாலும், செய்தியின் முதல் பத்தியில் “தேர்ந்தெடுக்கப்பட்ட” என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் குழப்பம் தீரும்.

‘டௌ டவுன் 12’ என்பதில் 12 எது? புள்ளிகள். அப்போது டௌ ஜோன்ஸ் குறியீடு 800களில் இருந்தது. 12 புள்ளி என்றால் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். அவசரத்தில் “12% சரிவு” என்று எழுதிவிட்டால் பெரும் வீழ்ச்சி நடந்ததாகிவிடும். அலகு இல்லாத எண்ணை அலகோடு எழுதும்போது, அந்த அலகு எங்கிருந்து வந்தது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மரபுத்தொடரை எல்லா இடத்திலும் உரித்து எறிய வேண்டும் என்று சொல்லவில்லை. 1929 அக்டோபர் 30 அன்று ‘வெரைட்டி’ என்ற நியூயார்க் நாடகத் தொழில் இதழ், பங்குச்சந்தை வீழ்ச்சியை ‘வால் ஸ்ட்ரீட் லேஸ் அன் எக்’ என்று தலைப்பிட்டது. ‘முட்டையிடுவது’ என்றால் மேடைக்காரர்களின் கொச்சையில் நாடகம் தோற்றுப்போவது. தன் வாசகர்களுக்குத் தெரிந்த தொழில்மொழியிலேயே பங்குச்சந்தையைப் பேசியது அந்த இதழ். தமிழில் முட்டை என்றால் பரீட்சையில் வாங்கும் பூஜ்யம். அது பள்ளிக்கூடத்து மொழி, கொட்டகை மொழி அல்ல. நம் சினிமாக்காரர்கள் ஓடாத படத்தைப் “படுத்துவிட்டது” என்பார்கள். “வால் ஸ்ட்ரீட் படுத்தது” என்றால் தொழில்மொழியும் நிற்கிறது, சந்தை விழுந்த செய்தியும் நிற்கிறது. இங்கே மரபுத்தொடரை மரபுத்தொடரால் பெயர்க்கலாம், ஏனென்றால் யார் வாயிலும் பொய்யான சொல் போய்ச் சேரவில்லை. ‘டிராப் டெட்’டில் அப்படிச் செய்ய முடியாததற்குக் காரணம், அதற்கு முன்னால் ஒருவர் பெயரும் முக்காற்புள்ளியும் இருப்பது.

நான்காவது: தமிழில் சுருக்குவது

விரித்ததை மறுபடி சுருக்கும்போது புதிய ஆபத்து தமிழ்ப் பக்கத்திலிருந்து வருகிறது. நம் தலைப்புகள் வினைமுற்றை விட்டுவிட்டுப் பெயரில் முடிகின்றன: உயர்வு, கைது, மறுப்பு, உத்தரவு. சுருக்கத்துக்கு இதைவிட நல்ல வசதி இல்லை. ஆனால் வினைமுற்றோடு காலமும் போய்விடுகிறது. “பஸ் கட்டணம் உயர்வு” என்றால் உயர்ந்துவிட்டதா, உயரப்போகிறதா? ஆங்கிலத்தின் ‘டு’ எதிர்காலத்தைத் தெளிவாகச் சொன்னது. நாம் அதைத் தொலைத்துவிட்டோம். அதனால் அசலில் ‘டு’ இருந்தால் தமிழில் பெயரில் முடிக்காமல் “உயர்கிறது” என்றோ, “உயர்த்த முடிவு”, “உயர்த்தப் பரிந்துரை” என்றோ நிலையைச் சொல்லும் சொல்லோடு முடியுங்கள்.

வேற்றுமை உருபும் அப்படித்தான். “ஃபோர்டு எதிர்ப்பு” என்று எழுதினால் ஃபோர்டு எதிர்க்கிறாரா, ஃபோர்டை எதிர்க்கிறார்களா? இரண்டெழுத்து மிச்சம் பிடிக்க ‘-க்கு’, ‘-ஐ’ இரண்டையும் உதிர்த்தால் செய்தி தலைகீழாகும். நம் பக்கத்தின் ‘ஏப், கேரி’ வரியை “பீம், கேரி கண்டனம்” என்று எழுதலாம், தப்பில்லை. “ஃபோர்டுக்கு பீம், கேரி கண்டனம்” என்று எழுதினால் சந்தேகமே இல்லை.

குற்றச் செய்திகளில் இந்தச் சுருக்கம் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தொடும் விஷயம் என்பதால் கொஞ்சம் நிற்கிறேன். ‘மேன் ஹெல்ட் ஃபார் வைஃப்ஸ் மர்டர்’ என்று ஒரு தலைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். அது சொல்வது, மனைவி கொலையானார், அந்த வழக்கில் கணவர் கைது என்பது மட்டும். நம் கை எழுதுவது “மனைவியைக் கொன்ற கணவன் கைது”. ‘கொன்ற’ என்ற எச்சம் தீர்ப்பையே சொல்லிவிட்டது. வழக்கு இன்னும் நீதிமன்றப் படியே ஏறவில்லை. “மனைவி கொலை வழக்கில் கணவர் கைது” என்றால் இடமும் அதிகம் பிடிக்காது, செய்தியும் கூடவில்லை. அசலில் இல்லாத ‘அன்’ விகுதி ‘அர்’ ஆனதும் இந்த நேர்மையின் பகுதிதான். ஆங்கிலத்தில் மரியாதை ஒருமையும் இல்லை, அவமதிப்பும் இல்லை. தமிழில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்பதால், குற்றம் நிரூபணமாகாதவருக்கு ‘அர்’ கொடுங்கள்.

நீதிமன்றத் தலைப்புகளில் சில சொற்கள் ஒன்றுபோல் தோன்றும், ஆனால் சட்டத்தில் அவற்றின் இடம் வேறு வேறு. ‘ஸ்டேஸ்’ என்றால் இடைக்காலத் தடை, ‘குவாஷஸ்’ என்றால் ரத்து. இரண்டையும் ‘ரத்து’ என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. ‘ரிசர்வ்ஸ் ஆர்டர்’ என்றால் விசாரணை முடிந்து தீர்ப்பைத் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கத்துக்கும் சாதகமாக நீதிமன்றம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அசல் தலைப்பே தவறு என்று உங்களுக்குத் தெரிந்தால்? 1948 நவம்பர் 3ஆம் தேதி ‘சிகாகோ டெய்லி டிரிப்யூன்’ முதல் பதிப்பில் ‘டூயி டிஃபீட்ஸ் ட்ரூமன்’ என்று போட்டது. வென்றவர் ட்ரூமன்; அந்தப் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் அவரது படம் உலகம் முழுக்கப் போயிற்று. அந்தப் படத்துக்குத் தமிழ் விளக்கம் எழுதும்போது “ட்ரூமனை வென்றார் டூயி” என்றுதான் பெயர்க்க வேண்டும். நிகழ்காலத்தில் இருக்கும் ‘டிஃபீட்ஸ்’ நம் தலைப்பில் இறந்தகாலமாகும், அவ்வளவுதான். பிழையைத் திருத்துவது படவிளக்கத்தின் அடுத்த வாக்கியத்தின் வேலை.

மூன்று வடிவமும் தேர்வும்

இப்போது ஃபோர்டு தலைப்புக்கு மூன்று தமிழ் வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

“நியூயார்க்கே, எக்கேடோ கெட்டுப் போ: ஃபோர்டு”

“நியூயார்க்கைக் கைவிட்டார் ஃபோர்டு”

“நியூயார்க் நகருக்கு மீட்பு நிதி கிடையாது: ஃபோர்டு திட்டவட்டம்”

முதலாவதில் தொனி இருக்கிறது, ஆனால் சொல்லாததைச் சொன்னதாக்குகிறது. இரண்டாவதில் பொய் மேற்கோள் இல்லை. ஆனாலும் ‘கைவிட்டார்’ என்பது எந்த வழியும் காட்டவில்லை என்று பொருள்படும். திவால் சட்டத் திருத்தம், அத்தியாவசியப் பணி என்று அவர் சொன்ன இரண்டும் அதில் அடிபட்டுப் போகின்றன. மூன்றாவதை நான் தேர்வேன். ‘எந்த மசோதாவையும் வீட்டோ செய்வேன்’ என்பது துணைத்தலைப்புக்குப் போகட்டும்.

தேர்ந்த பிறகு ஒரு சோதனை. படத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்த் தலைப்பை மட்டும் காட்டுங்கள். யார், என்ன செய்தார், நடந்துவிட்டதா இனி நடக்குமா, இதைச் சொல்வது யார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைச் செய்தியின் முதல் பத்தியோடு ஒப்பிடுங்கள். தலைப்பை அல்ல, முதல் பத்தியை. நம் பக்கத்தில் செய்தி உள்பக்கத்தில்தான் இருக்கிறது. முதல் பக்கப் படம் மட்டும் கையில் இருந்தால் இந்த ஒப்பீடு செய்ய முடியாது. அப்போது உரையின் பதிவையோ, அதே நாள் வேறொரு பத்திரிகையையோ தேட வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால் துணைத்தலைப்பு தாங்கும் அளவுக்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள்.

அந்தச் சோதனையில் முதல் வடிவம் ஏன் தோற்கும் என்பதற்கு வரலாறே சாட்சி. அடுத்த மாதமே ஃபோர்டு மனம் மாறி, நகருக்கு மத்திய அரசு கடன் கொடுப்பதை ஆதரித்தார். டிசம்பரில் 230 கோடி டாலர் வரை கடன் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆனாலும் 1976 தேர்தலில் நியூயார்க் மாநிலம் ஜிம்மி கார்ட்டர் பக்கம் போனது. அவர் சொல்லாத அந்த இரண்டு சொற்களை மக்கள் அவர் சொன்னதாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்த வாசகர்களிடமே இது நடந்திருக்கிறது.

முதல் வடிவத்துக்கும் ஒரு இடம் உண்டு. பத்திரிகை வரலாறு பற்றிய நூலில் அந்தப் பக்கத்தின் படத்தையே போடுகிறீர்கள் என்றால், வாசகருக்கு அந்தக் கொட்டை எழுத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் வேண்டும். அங்கே செய்தி ஃபோர்டின் உரை அல்ல, அந்தத் தலைப்பு. படத்தின் கீழே இப்படி எழுதலாம்:

“‘நகரே, எக்கேடோ கெட்டுப் போ என்கிறார் ஃபோர்டு’ என்ற பொருளில் டெய்லி நியூஸ் இட்ட தலைப்பு, 30 அக்டோபர் 1975. இவை பத்திரிகையின் சொற்கள். முந்தைய நாள் உரையில் ஃபோர்டு சொன்னது, நகருக்கு மீட்பு நிதி தரும் மசோதா எதையும் வீட்டோ செய்வேன் என்பது.”